உட்கார்ந்தபடியே செய்யும் சேலை வேலை: குச்சும் ஃபால்ஸும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு வயதில் வந்த போலியோவினால் என் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அமர்ந்து பதினொரு ஆண்டுகளாகச் சேலைகளுக்குக் குச்சு கட்டியும் ஃபால்ஸ் தைத்தும் வருகிறேன். இந்த வேலையைத் தொடங்க விரும்புகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் தொலைபேசியில் என்னிடம் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் குறிப்பிடும் கூலியும் செலவும் எங்கள் ஊரில் நான் வாங்கியும் கொடுத்தும் வருபவை.

எனக்கு ரெண்டு காலும் வராது, கை நல்லா இருக்கு. வீட்டுல உட்கார்ந்தே செய்யுற மாதிரி நிஜமா என்ன வேலை இருக்கு?

பல வேலைகள் இருக்கின்றன. ஆனால் எனக்குத் தெரிந்து சொல்லக்கூடியது சேலையின் கடைசி வேலைகளைத்தான். கடையில் வாங்கிய சேலையை யாரும் அப்படியே உடுத்துவதில்லை. ரவிக்கைத் துணியை வெட்டியெடுக்க வேண்டும், இரு முனைகளிலும் ஓரம் அடிக்க வேண்டும், கீழ்க்கரையின் உட்புறம் ஃபால்ஸ் வைத்துத் தைக்க வேண்டும். பட்டுச்சேலையாக இருந்தால் முந்தானையில் குச்சு கட்ட வேண்டும். குஞ்சம் என்றும் சிலர் சொல்வார்கள்.

முழுத் தையலை விட்டு இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ரவிக்கை தைப்பதென்றால் அளவெடுக்க எழ வேண்டும், பெரிய மேசையில் குனிந்து வெட்ட வேண்டும், அளவு சரியில்லை என்று அது திரும்பி வரும். சேலைக்கு அளவே கிடையாது. குச்சுக்கு இயந்திரமும் மின்சாரமும் தேவையில்லை. பாதியில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்தெழுந்து வந்தும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உடல்நிலை நாளுக்கு நாள் மாறுகிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

தையலே தெரியாது. கத்துக்க எவ்வளவு நாள் ஆகும்?

சாதாரண முடிச்சுக் குச்சைப் பக்கத்தில் இருந்து ஒருவர் காட்டினால் ஒரே நாளில் புரிந்துகொள்ளலாம். காசு வாங்கும் அளவுக்குக் கை படிய எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை பழைய சேலைகளின் முந்தானையிலேயே கட்டிப் பழகினேன். அடுத்தவர் சேலையைத் தொடுவதற்கு முன் குறைந்தது ஐந்து முந்தானைகளையாவது முழுமையாக முடித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் இருபது முடிச்சுகள் எல்லோருக்கும் அழகாகத்தான் வரும். கை சோர்ந்தபின் விழும் எழுபதாவது முடிச்சு மேலும் கீழுமாகப் போகும்.

ஃபால்ஸ் தைக்க ஓட்டுத் தையலும் மறைத் தையலும் தெரிந்தால் போதும். வெளிப்புறத்தில் ஊசி எடுத்த இடம் தெரியாதபடி சேலையின் ஓரிரு இழைகளை மட்டும் பிடித்துத் தைக்க வேண்டும். இதற்குத் தேவைப்படுவது பொறுமைதான்.

கால் மிதிக்க முடியாதவங்க தையல் மெஷினை எப்படி ஓட்டுறது?

மோட்டார் பொருத்திய இயந்திரத்தை ஓட்டலாம். சாதாரணத் தையல் இயந்திரத்திலேயே சக்கரத்தின் பக்கத்தில் சிறு மோட்டாரை மாட்டி, தோல் வாருக்குப் பதிலாகச் சிறிய பெல்ட் போட்டுத் தருவார்கள். அதனுடன் ஒரு பெடலும் வரும். காலால் அழுத்துவதற்காகச் செய்யப்பட்டதாக இருந்தாலும் அதைக் காலால்தான் அழுத்த வேண்டும் என்பதில்லை. நான் அதை மேசையின் இடது ஓரத்தில் பலகையோடு சேர்த்து இறுக்கி வைத்து முழங்கையால் அழுத்துகிறேன். துணியை நகர்த்த இரண்டு உள்ளங்கைகளும் அப்போதும் முன்னால்தான் இருக்கும். பெடல் நகராமல் இருப்பதுதான் முக்கியம். அது வழுக்கினால் வேகம் திடீரென எகிறி ஊசி விரலில் இறங்கிவிடும்.

கையால் சுற்றும் பிடி வைத்த இயந்திரமும் உண்டு. வலக்கை சுற்றுவதிலேயே போய்விடுவதால் இடக்கை ஒன்றால் துணியைப் பிடிக்க வேண்டும், வேகமும் குறைவு. வளைந்து வளைந்து விழும் பீகோ தையல் இந்தச் சாதாரண இயந்திரங்களில் வராது, அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். நான் பீகோவை வெளியே கொடுத்துவிடுகிறேன்.

தொடங்க எவ்வளவு பணம் வேணும்?

குச்சை மட்டும் வைத்துத் தொடங்கினால் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு நிறங்களில் பட்டு நூல் கண்டுகள், ஒரு சரிகை நூல், கூரான சிறு கத்தரிக்கோல், குரோஷா ஊசி, நீளக் கண் உள்ள ஊசிகள், துருப்பிடிக்காத முத்துத்தலை ஊசிகள் ஒரு பெட்டி, ஒரு கனமான தலையணை ஆகியவை போதும். எல்லா நிறமும் வேண்டும் என்று முதலிலேயே வாங்கிக் குவிக்காதீர்கள். சேலை கைக்கு வந்தபின் அதன் கரைக்கேற்ற நூலை வாங்குவதுதான் சரி. மணிகளும் அப்படித்தான், நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு டப்பா நீல மணி இன்னும் அப்படியே இருக்கிறது.

இயந்திரத்தை முதல் மூன்று மாதங்களுக்கு வாங்க வேண்டாம். ஃபால்ஸையும் கையாலேயே தைக்கலாம். பட்டுச்சேலைக்குக் கைத்தையலைத்தான் பலர் விரும்பிக் கேட்கிறார்கள்.

குச்சு கட்டும்போது சேலை மடியில நிக்க மாட்டேங்குது, வழுக்கி வழுக்கிப் போகுது. முடிச்சும் சமமா வரலை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: சேலை அசைகிறது. மற்றவர்கள் தரையில் சம்மணமிட்டு, தலையணையை மடியில் வைத்து, முந்தானையை அதில் ஊசியால் குத்திக்கொண்டு கட்டுவார்கள். கால் நிலையாக இல்லாத நமக்கு மடி உதவாது. ஆகவே தலையணையை மேசைமேல் வைத்து, அதன் இரு பக்கமும் செங்கல் ஒன்றைத் துணியில் சுற்றி அண்டக் கொடுங்கள். மேசையின் உயரம், தோள் தூக்காமல் முழங்கை படியும் அளவில் இருக்க வேண்டும். சேலையின் மீதிப் பகுதியை மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, மேசையின் மறுபுறம் வைத்துவிடுங்கள். அது தொங்கினால் அதன் எடையே முந்தானையை இழுக்கும்.

சமமாக வர, கண்ணளவை நம்பாமல் மடித்துக் குறியுங்கள். சேலையின் அகலம் 46 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முந்தானை ஓரத்தைப் பாதியாகவும், பின் கால் பாகமாகவும் மடித்து, மடிப்பு விழும் இடங்களில் முத்துத்தலை ஊசியைக் குத்துங்கள். ஒவ்வொரு காலும் பதினொன்றரை அங்குலம். அரை அங்குலத்துக்கு ஒரு குச்சு என்றால் காலுக்கு 23, மொத்தம் 92. ஒரு கால் பாகத்தில் 22 வந்தாலோ 24 வந்தாலோ அப்போதே தெரிந்துவிடும். அந்தப் பகுதியை மட்டும் அவிழ்த்துக் கட்டினால் போதும். குறிக்காமல் ஒரு முனையிலிருந்து கட்டிக்கொண்டே போனால், கடைசியில் நான்கு நூல் மிஞ்சும்போதுதான் தவறு தெரியும்.

தறியிலிருந்து வரும் பட்டுச்சேலையில் முந்தானை முனையில் பாவு நூல் நெய்யாமல் நான்கைந்து அங்குலம் விடப்பட்டிருக்கும். அரை அங்குலப் பாவு நூலைச் சேர்த்து முறுக்கி, துணியோடு ஒட்டி ஒரு முடிச்சுப் போடுவதுதான் அடிப்படை. ஒரு சாண் அகலமுள்ள அட்டைத் துண்டைத் துணியின் ஓரத்தில் வைத்து, அதில் கோடு கிழித்து, முடிச்சு எல்லாம் அந்தக் கோட்டிலேயே விழும்படி இறுக்குங்கள். முடிச்சை இறுக்கும் முன் அதன் நடுவில் ஒரு குண்டூசியை நுழைத்து, ஊசியாலேயே அதைத் துணிவரை நகர்த்திக்கொண்டுபோய், பிறகு ஊசியை உருவுங்கள். முடிச்சு நீங்கள் நினைத்த இடத்தில் நிற்கும். பாவு நூல் இல்லாத சேலையாக இருந்தால் முனையைச் சுருட்டித் தைத்துவிட்டு, பட்டு நூலைப் பல இழையாக ஊசியில் கோத்து ஓரத்தில் நுழைத்து, இரண்டாக மடிந்த நூலின் கழுத்தைச் சரிகை நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். எல்லாம் முடிந்தபின் குச்சின் மேல் ஆவி காட்டி, நூல் நேரானதும் அடியைக் காகிதத்தால் அழுத்திச் சுற்றி ஒரே கோட்டில் வெட்டுங்கள். ஆவி காட்டும் முன்பே வெட்டினால் பின்னர் மேடு பள்ளம் தெரியும்.

எவ்வளவு கூலி கேக்கலாம்? மாசம் எவ்வளவு கிடைக்கும்?

நேரத்தை அளக்காமல் கூலி சொல்லக் கூடாது. ஒரு சேலையை எடுத்த நேரத்தையும் வைத்த நேரத்தையும் ஒரு மாதம் எழுதி வையுங்கள். என் கணக்கேட்டில் நல்ல வேலை வந்த ஒரு வாரம் இப்படி இருந்தது. சாதாரணக் குச்சு ஆறு சேலைகளுக்கு, ஒன்றுக்கு இரண்டு மணி நேரம், கூலி 200 ரூபாய்: மொத்தம் 1,200. மணி கோத்த குச்சு இரண்டு சேலைகளுக்கு, ஒன்றுக்கு நான்கு மணி நேரம், கூலி 500: மொத்தம் 1,000. ஃபால்ஸ் எட்டுச் சேலைகளுக்கு, ஒன்றுக்கு ஒரு மணி நேரம், ஃபால்ஸ் துணியும் சேர்த்து 80: மொத்தம் 640. வந்தது 2,840 ரூபாய். நூல், மணி, ஃபால்ஸ் துணி ஆகியவற்றின் செலவு 640 போக நின்றது 2,200. உழைத்தது 28 மணி நேரம். அதாவது மணிக்கு எழுபத்தெட்டு ரூபாய்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மணிக் குச்சுக்கு 500 என்பது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் மணியின் விலை 110 ரூபாய் போனால் நான்கு மணி நேரத்துக்கு 390. சாதாரணக் குச்சில் நூல் செலவு 30 போக இரண்டு மணி நேரத்துக்கு 170. ஒரு மணி நேரத்துக்கு மணிக் குச்சில் கூடுதலாகக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான். ஃபால்ஸில் துணி விலை 30 போனால் ஒரு மணி நேரத்துக்கு 50. இதைப் பார்த்தபின்தான் சாதாரணக் குச்சை அதிகமாக எடுக்கத் தொடங்கினேன், குச்சு வேலை நிறைய இருக்கும் நாட்களில் ஃபால்ஸைக் குச்சோடு வரும் சேலைகளுக்கு மட்டும் என்று குறைத்துக்கொண்டேன்.

எல்லா வாரமும் இப்படி இருக்காது. நான்கு வாரத்தால் பெருக்கி 8,800 என்று மனத்தில் வைத்துக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

நான் வெளியே போக முடியாது. வேலை யார் குடுப்பாங்க?

தொடக்கத்தில் உங்கள் தெருவில் இருக்கும் தையல்காரர்தான் கொடுப்பார். ரவிக்கை தைக்க வருபவர்கள் சேலையையும் கையோடு கொண்டுவருவார்கள்; குச்சு கட்ட அவருக்கு நேரம் இருக்காது. நீங்கள் கட்டிய முந்தானை மாதிரி ஒன்றை, ஒரு சாண் அகலத்தில் மூன்று நான்கு வகையாக, அவர் கடையில் தொங்கவிடச் சொல்லுங்கள். அவருக்குரிய பங்கை முதலிலேயே பேசிவிடுங்கள். வாடிக்கையாளரிடம் 300 வாங்கி உங்களுக்கு 200 தருகிறார் என்றால் அது நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். சேலையை வாங்குவதும் கொடுப்பதும் அவர் பொறுப்பு. 300 வாங்கி 100 தந்தால் வேறு கடை பாருங்கள்.

இரண்டாவது ஆண்டில் வாட்ஸ்அப் வழியாக நேரடியாக வருவார்கள். ஒவ்வொரு சேலையையும் முடித்ததும் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். சேலையைக் கொண்டுவருவதும் எடுத்துப்போவதும் கொடுப்பவர் வேலை என்று முதல் பேச்சிலேயே சொல்லுங்கள்.

இருபதாயிரம் ரூபாய் பட்டுச்சேலை. நம்ம கையில பாழாயிடுச்சுன்னா என்ன பண்றது?

பாழாகும் வழிகள் சிலவே, அவற்றை அடைத்துவிடலாம். துருப்பிடித்த குண்டூசி பட்டில் போகாத கறையை விடும்; அதனால்தான் துருப்பிடிக்காத ஊசியைச் சொன்னேன். எண்ணெய் தடவிய கையும் கறையாக்கும். கை சொரசொரப்பாக இருந்தால் நூல் இழுபடும், அதற்கு எண்ணெய் தடவாமல் முகப்பவுடர் சிறிது பூசித் துடைத்துக்கொள்ளுங்கள். ஃபால்ஸ் துணியை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே தையுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் அது சுருங்கி, கரையைச் சேர்த்து இழுத்துச் சுருக்கம் விழும்.

எனக்கு நேர்ந்த பெரிய தவறு ஒன்று உண்டு. ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்தே இருந்ததைக் கவனிக்காமல் அந்த முனையிலிருந்தே ஃபால்ஸ் தைத்துவிட்டேன். இரண்டே முக்கால் மீட்டர் ஃபால்ஸில் முக்கால் மீட்டருக்கு மேல் ரவிக்கைத் துணியில் போய்விட்டது. எல்லாவற்றையும் பிரித்து, புது ஃபால்ஸ் வாங்கி, கூலி வாங்காமல் மறுபடி தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து சேலை வந்ததும் அதை விரித்து, ரவிக்கைத் துணி எந்தப் பக்கம், வெட்டியாயிற்றா, முன்பே கறையோ கிழிசலோ இருக்கிறதா என்று கொண்டுவந்தவர் எதிரிலேயே பார்த்து, படம் எடுத்து, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். இது அவருக்கும் பாதுகாப்பு.

நாள் பூரா உட்கார்ந்தா புட்டத்துல புண் வந்துடுது. எப்படிச் சமாளிக்கிறது?

முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர்கள் இந்த வேலையின் உண்மையான ஆபத்தை இங்கேதான் பார்க்க வேண்டும். வலி தெரியாததால் குச்சின் நடுவில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்துவிடுவார்கள். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பிடியை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். அல்லது முன்னால் நன்றாகச் சாய்ந்தோ, ஒவ்வொரு பக்கமாகச் சரிந்தோ இரண்டு நிமிடமாவது அழுத்தத்தை மாற்ற வேண்டும். தொலைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கில் கால் பாகத்துக்கு 23 முடிச்சு இருக்கிறதல்லவா, ஒரு கால் பாகம் முடிந்ததும் உடலைத் தூக்குவது என்று பழகினால் மணியே தேவைப்படாது.

மாலையில் ஒருவரிடம் காட்டியோ கண்ணாடி வைத்தோ தோலைப் பாருங்கள். அழுத்தம் நீங்கிய அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்போ கருமையோ மறையவில்லை என்றால் அது புண்ணின் தொடக்கம். அந்த இடம் சரியாகும்வரை உட்கார வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். சேலைக்காரரிடம் தவணை கேளுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் போவதற்குச் சிரமம் என்று பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்தால் ஒரு மாத வேலை போய்விடும். போகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு வேலையை அதற்கேற்ப அமையுங்கள்.

ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் கிடையாதே, அப்போ?

குச்சு வேலை நிச்சயம் குறையும். ஆனால் ஆடித் தள்ளுபடியில் வாங்கிய சேலைகளுக்கு ஃபால்ஸும் ஓரமும் வரும். அதனால்தான் ஃபால்ஸை முழுவதுமாக விட்டுவிடவில்லை. மார்கழியில் மாதிரி முந்தானைகளைப் புதுப்பித்துக்கொள்வேன், தையில் வரப்போகிறவர்களிடம் முன்கூட்டியே சேலையை வாங்கிவைப்பேன். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு வரும் பட்டுச்சேலைகளை ஏற்காதீர்கள். அவசரத்தில்தான் முடிச்சு கோணும், புண்ணும் வரும்.

அரசாங்கம் மெஷின் இலவசமா குடுக்குதாமே? கடன் கிடைக்குமா?

தமிழ்நாட்டில் மோட்டார் பொருத்திய தையல் இயந்திரத்தை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இலவசமாக வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் தையல் தெரியும் என்பதற்கான சான்றும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய தனித்துவ அட்டை இல்லாதவர்கள் swavlambancard.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கே பெரும்பாலான சலுகைகள் உண்டு.

கடனைப் பொறுத்தவரை, குச்சு வேலைக்குக் கடன் தேவையில்லை என்பதே என் கருத்து. பீகோ இயந்திரமும் உதவிக்கு ஒருவரும் வைத்து விரிவாக்கும்போது சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அது udyamregistration.gov.in தளத்தில் இலவசம். பதிவு செய்து தருவதாகப் பணம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள்.

மூவாயிரம் கட்டினா நூலும் சேலையும் வீட்டுக்கே அனுப்பி வேலை தர்றோம்னு சொல்றாங்க. நம்பலாமா?

நம்ப வேண்டாம். வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் வாங்கமாட்டார். முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு பை நூலை அனுப்புவார்கள். முடித்து அனுப்பினால் தரம் போதவில்லை என்று திருப்பிவிடுவார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள்.

எனக்குக் கையிலயும் வலு குறைவு. நான் என்ன செய்யலாம்?

குச்சு கட்டுவது உங்களுக்கு ஏற்றதல்ல. நுனிவிரலில் வலு இல்லாமல் 92 முடிச்சுகளை இறுக்க முடியாது, முயன்றால் மணிக்கட்டு வீங்கும். ஆனால் இதே தொழிலில் எனக்கு நேரமில்லாத பகுதி ஒன்று இருக்கிறது: அழைப்புகளை எடுப்பது, படங்களை அனுப்பி வகையைத் தேர்ந்தெடுக்கச் செய்வது, தவணை சொல்வது, கணக்கு எழுதுவது. எனக்கு அதைச் செய்து தருபவர் தசைச் சிதைவு நோயுள்ள ஓர் இளைஞர். வேறு ஊரில் இருக்கிறார், தொலைபேசியைத் தாங்கியில் பொருத்திக் காதில் கருவி மாட்டிப் பேசுகிறார். சேலைக்கு இருபது ரூபாய் என்று பேசிக்கொண்டோம். அவர் வந்தபின் தவணை தவறிய சேலை ஒன்றுகூட இல்லை.

காசு வர ஆரம்பிச்சதும் வீட்டுல வாங்கிக்கிறாங்க. நூல் வாங்கக்கூட கேட்டுத்தான் வாங்கணும். எப்படிச் சொல்றது?

இதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள், ஆனால் நிறையப் பேர் கேட்கிறார்கள். உங்கள் பெயரில் மட்டும் வங்கிக் கணக்கு இருக்கட்டும், கூலியை அதில் நேராக வரும்படி செய்யுங்கள். சேலையின்மேல் வைக்கும் சீட்டிலேயே பணம் செலுத்தும் குறியீட்டை ஒட்டிவிட்டால் பணம் கைமாறாது. நூல் செலவை முதலில் எடுத்துத் தனியே வையுங்கள். அது வருமானமே அல்ல, அடுத்த சேலையின் முதலீடு என்று கணக்கேட்டைக் காட்டிச் சொல்லுங்கள். நான் என் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை நானே குறித்து, ஒன்றாம் தேதி என் கையால் கொடுத்தேன். மூன்றாவது மாதத்திலிருந்து அவர் கேட்பதை விட்டுவிட்டார்.